எத்தனையாவது படி என்று காதுக்குச் சொல்லும் வரி

கல்லூரி மாணவி ஒருவர் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பார்வை இல்லை. கணினியில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் படித்துச் சொல்லக் கேட்டு வேலை செய்கிறார். விண்ணப்பத்தில் நான்கு படிகள்: சொந்த விவரம், வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள், சரிபார்ப்பு. ஒன்றை முடித்து ‘அடுத்து’ பொத்தானை அழுத்துகிறார். புதிய பக்கம் வந்ததும் ஸ்கிரீன் ரீடர் முதலில் சொல்வது அந்தப் பக்கத்தின் தலைப்பை. பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் தெரியும் தலைப்பு அல்ல இது. பிரவுசரின் டேப்பில் சிறியதாகத் தெரியுமே, `<title>` என்ற குறிக்குள் எழுதப்படும் வரி, அது.

நான்கு பக்கங்களிலும் அந்த வரி ‘கல்வி உதவித்தொகை’ என்றே இருந்தால், அவர் காதில் நான்கு முறையும் ஒரே சொல்தான் விழுகிறது. பக்கம் மாறியதா, பழைய பக்கமே மறுபடி வந்ததா என்று தெரியாது. பார்ப்பவர்களுக்குத் திரையின் மேல் பகுதியில் நான்கு வட்டங்கள், இரண்டாவது நிறம் மாறியிருப்பது, எல்லாம் ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். கேட்பவர் உள்ளே இறங்கி, வரி வரியாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு எண்ணைப் பார்க்க வேறொரு ஜன்னலுக்குப் போய்த் திரும்பும்போதும் இதே சிக்கல்தான். Alt+Tab அழுத்தித் திரும்பினால் முதலில் கேட்பது அந்தத் தலைப்புதான். அது ‘வங்கிக் கணக்கு – படி 2, மொத்தம் 4 – கல்வி உதவித்தொகை’ என்று இருந்தால், விட்ட இடம் அந்த நொடியே தெரிந்துவிடும். படியின் பெயர் முன்னாலும் இணையதளத்தின் பெயர் கடைசியிலும் இருப்பதற்குக் காரணம் உண்டு. காது முதலிலிருந்துதான் கேட்க முடியும். தேவையானது கிடைத்ததும் மீதியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடரலாம். டேப்பில் இடம் போதாமல் வெட்டுப்படுவதும் தலைப்பின் வால்தான்.

எல்லாவற்றையும்விட அதிகம் அலைக்கழிப்பது தவறு நேர்ந்த பக்கம். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போனது. ‘அடுத்து’ அழுத்தியதும் அதே பக்கம் சிவப்பு எழுத்துகளோடு திரும்பி வருகிறது. தலைப்பு மாறாவிட்டால், பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் மறுபடி மறுபடி அழுத்துவார். பிரிட்டன் அரசின் GOV.UK சேவைகளுக்கான வழிகாட்டி இதற்கு எளிய வழி சொல்கிறது: தவறு இருந்தால் தலைப்பின் முதல் சொல்லாக அதைச் சொல்லிவிடுங்கள். ‘பிழை: வங்கிக் கணக்கு’ என்று கேட்டவுடன் என்ன நடந்தது, எங்கே நடந்தது என இரண்டும் புரிந்துவிடுகின்றன. செலவே இல்லாத இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய படிவங்கள் பலவற்றில் பக்கமே மாறுவதில்லை. அதே பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் பழைய கேள்விகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கிறது. பிரவுசர் புதிய பக்கத்தைத் திறக்காததால் ஸ்கிரீன் ரீடருக்கும் எதுவும் சொல்லத் தோன்றாது. அழுத்திய பொத்தானும் மறைந்துபோயிருந்தால், மாணவிக்குக் கிடைப்பது அமைதி மட்டும். இங்கே தலைப்பை நிரலில் நாமே மாற்ற வேண்டும். ஆனால் தலைப்பு இப்படி மாறியதைப் பெரும்பாலும் ஸ்கிரீன் ரீடர்கள் தானாக அறிவிப்பதில்லை. அதனால் புதிய படியின் உள்தலைப்புக்கு ஃபோகஸையும் நகர்த்த வேண்டும்:

```
document.title = "வங்கிக் கணக்கு – படி 2, மொத்தம் 4 – கல்வி உதவித்தொகை";
const h = document.querySelector("h1");
h.tabIndex = -1;
h.focus();
```

கடைசி இரண்டு வரிகள் உடனே பேச வைக்கின்றன; முதல் வரி, பிறகு அவர் எப்போது கேட்டாலும் பதில் தயாராக இருக்கச் செய்கிறது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் பாதி வேலைதான்.

படி எண்ணில் ஒரு எச்சரிக்கை. தரும் பதிலைப் பொறுத்துச் சில படிகள் கூடவோ விடுபடவோ செய்யும் படிவங்கள் உண்டு. ‘மொத்தம் 4’ என்று சொல்லிவிட்டு ஐந்தாவது பக்கத்தைக் காட்டினால், அதற்குமுன் கேட்டது எதையும் அவர் நம்பமாட்டார். அப்படிப்பட்ட படிவத்தில் எண்ணை விட்டுவிட்டுப் படியின் பெயரை மட்டும் சொல்வதே மேல்.

2008-இல் வெளியான WCAG 2.0 விதிகளில் 2.4.2-ஆவது, பக்கத்தின் பொருளையோ நோக்கத்தையோ தலைப்பு சொல்ல வேண்டும் என்கிறது. அதுவும் மூன்று நிலைகளில் அடிப்படையான A நிலையிலேயே. படி எண்ணை அந்த விதி கேட்பதில்லை. அதனால் விதிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தக் குறை படாமல் போகலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம். விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் NVDA-வை இயக்கி, ஒவ்வொரு படியிலும் Insert+T அழுத்துங்கள். அப்போதைய தலைப்பை அது படிக்கும். வேண்டுமென்றே ஒரு பெட்டியைக் காலியாக விட்டு, ‘அடுத்து’ அழுத்தி, இன்னொரு முறை கேளுங்கள்.