நாலு வரிக்கு முன்னால் ஒரு பக்கம்

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது பல இனிப்புக் கடைகளிலிருந்து ஒரே மாதிரி வாட்ஸ்அப் செய்தி கிளம்பும்: "சார், தீபாவளி வருது. நல்லா பஞ்ச்சா நாலு வரி எழுதிக் குடுங்க." அது போய்ச் சேரும் இடம், வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்ஸ் விளம்பர எழுத்தாளர். இரண்டு நாளில் 'பாரம்பரியச் சுவை', 'சிறப்புச் சலுகை', 'முந்துங்கள்' என்று ஏதோ ஒன்று திரும்பி வரும். கடைக்காரருக்குப் பிடிக்காது. எழுதியவரைக் குறை சொல்லவும் வழியில்லை. யாருக்கு விற்கிறார்கள், என்ன விலைக்கு, எந்தத் தேதி வரை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. தெரியாத இடங்களை அவர் பொதுச் சொற்களால் நிரப்பிவிட்டார். வந்த காப்பியில் எங்கெல்லாம் 'அரிய வாய்ப்பு' என்று இருக்கிறதோ, அங்கெல்லாம் கடை ஏதோ ஒன்றை முடிவு செய்யாமல் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதித் தருவதைத்தான் விளம்பரத் தொழிலில் பிரீஃப் என்கிறார்கள். அதை எழுதுவது எப்படி என்று பார்க்க, ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் இரண்டு கிளை. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கடை விற்க நினைப்பது ஒரு கிலோ கிஃப்ட் பாக்ஸ்: லட்டு, மைசூர்பாகு, அதிரசம், முறுக்கு.

முதல் கேள்வி யாருக்கு என்பது. 'திருச்சி மக்கள் அனைவருக்கும்' என்று எழுதினால் எழுத்தாளருக்கு ஒரு உதவியும் இல்லை. குடும்பங்கள் எப்படியும் கடைசி இரண்டு நாளில் வரிசையில் நின்று வாங்கத்தான் போகின்றன. அவர்களுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. கடைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியது மொத்த ஆர்டர். அதனால் பிரீஃபில் இப்படி இருக்கலாம்: "துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் சிறு தொழிற்கூடம் வைத்திருப்பவர். 20 முதல் 60 பேர் வேலை செய்கிறார்கள். போனஸோடு ஆளுக்கு ஒரு பாக்ஸ் கொடுப்பார். கணக்கரை விட்டு நாலு கடையில் விலை கேட்பார். முடிவு அவருடையது. அவர் பயப்படுவது மூன்றுக்கு: சொன்ன நாளில் வராமல் போவது, ஒரு பாக்ஸில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போவது, ஜிஎஸ்டி பில் கிடைக்காமல் போவது."

இதைப் படித்ததும் எழுத்தாளருக்கு வேலை பாதி முடிந்துவிடுகிறது. 'நாவில் கரையும்' என்று தொடங்க அவருக்குத் தோன்றாது. எண்ணிக்கை, நாள், பில் என்றுதான் தொடங்குவார். வயது, வருமானம், ஆண் பெண் விகிதம் என்று அட்டவணை போட்டுத் தருகிறவர்கள் உண்டு. அந்த அட்டவணையிலிருந்து ஒரு வாக்கியம்கூடப் பிறந்து நான் பார்த்ததில்லை. அந்த ஆள் எதற்குப் பயப்படுகிறார் என்ற ஒரு வரி போதும்.

அடுத்தது சலுகை. பிரீஃபில் அதிக இடம் பிடிக்க வேண்டிய பகுதி இதுதான், நடைமுறையில் ஒரே வரியில் முடித்துவிடுவதும் இதைத்தான். '20 பாக்ஸுக்கு மேல் 10% தள்ளுபடி' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இருபதா, இருபத்தொன்றா? ஒரு பாக்ஸ் 600 ரூபாய் என்றால் அதில் வரி உண்டா? அரைக் கிலோ பாக்ஸையும் சேர்த்து எண்ணலாமா? இரண்டு தடவையாக ஆர்டர் கொடுத்தால்? 25 புக் செய்துவிட்டுக் கடைசியில் 18 போதும் என்று சொன்னால் தள்ளுபடி போய்விடுமா? எழுத்தாளர் இதையெல்லாம் கேட்பார், கேட்காவிட்டால் வாடிக்கையாளர் கேட்பார். கேட்கும்போது பெரிய கிளையில் ஒரு பதிலும் சின்னக் கிளையில் வேறு பதிலும் வந்தால் விளம்பரம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

முடிவெடுத்த பிறகு அதே சலுகை இப்படி மாறும்: "ஒரு கிலோ பாக்ஸ், ஜிஎஸ்டி சேர்த்து 600 ரூபாய். 20 அல்லது அதற்கு மேல் ஒரே ஆர்டராகக் கொடுத்தால் 540. முன்பணம் பாதி. நவம்பர் 1 வரை எண்ணிக்கையை மாற்றலாம், 20-க்குக் கீழே போனால் பழைய விலை. இரு கிளையிலும் சேர்த்து 3,000 பாக்ஸ்தான் செய்ய முடியும்." இந்தக் கடைசி எண் எழுத்தாளரிடம் கட்டாயம் போக வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சரக்கு குறைவாக இருந்தால் அதை விளம்பரத்தில் சொல்லச் சொல்கின்றன. நிபந்தனையை எழுதும் எழுத்துருவும் மொழியும் சலுகையைச் சொன்னது போலவே இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. தமிழில் கொட்டை எழுத்தில் தள்ளுபடி, அடியில் எறும்பு ஊர்வது போல ஆங்கிலத்தில் நிபந்தனை என்ற பழைய வழக்கத்துக்கு அதில் இடமில்லை. நிபந்தனைகள் குறைவாக இருந்தால்தான் இதைப் பின்பற்ற முடியும். ஆக, சலுகையை எளிமையாக்குவது கடைக்காரர் வேலை, எழுத்தாளர் வேலை கிடையாது.

கணக்கையும் போட்டே தரலாம். 40 பேர் உள்ள கூடத்துக்கு 24,000 ரூபாய் ஆக வேண்டியது 21,600 ஆகிறது. '10%' என்பதைவிட '40 பாக்ஸுக்கு 2,400 ரூபாய் மிச்சம்' என்பது அந்த முதலாளியின் காதில் விழும். எதைத் தலைப்பில் வைப்பது என்பதை எழுத்தாளரிடம் விட்டுவிடலாம்.

தொனி பற்றி எழுதும்போதுதான் பெரும்பாலானோர் உரிச்சொற்களை அள்ளிவிடுகிறார்கள். 'நவீனமாக, ஆனால் மரபு மாறாமல், அன்பாக, ஆனால் மிடுக்காக.' இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் எழுத முடியாது. இரண்டு மாதிரி வாக்கியங்கள் இதைவிட நன்றாக வேலை செய்யும். வேண்டியது: "எத்தனை பேர்னு சொல்லுங்க. 6-ஆம் தேதி உங்க யூனிட்டுக்கே வந்து இறக்கிடுறோம், பில்லோட." வேண்டாதது: "இத்திருநாளில் தங்கள் ஊழியப் பெருமக்களை இன்புறச் செய்திடுவீர்!" இவை இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தவுடன் எழுத்தாளருக்குப் பிடிபட்டுவிடும். பேச்சு நடை வாட்ஸ்அப்புக்கு மட்டுமா, துண்டறிக்கைக்கும் சேர்த்தா என்பதையும் சொல்லிவிட வேண்டும். அச்சில் பேச்சு நடை சில முதலாளிகளுக்கு உறுத்தும். 'மைசூர்பாகா', 'மைசூர்பாவா' என்று ஒரே எழுத்து முறையை முடிவு செய்வதும் இங்கேதான்.

தேதிகளில் இரண்டு வரிசை உண்டு. வாடிக்கையாளருக்கான தேதிகளைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். டெலிவரி நவம்பர் 5, 6. ஏழாம் தேதி கடை வாசலில் கூட்டம் இருக்கும், அன்று வண்டி அனுப்ப ஆள் இருக்காது. தள்ளுபடி விலைக்கான புக்கிங் அக்டோபர் 24, சனிக்கிழமை இரவு 8 மணி வரை. மணியைக் குறிப்பிடாவிட்டால் மறுநாள் காலையில் வந்து நிற்பவரோடு வாக்குவாதம்தான். 'இந்தச் சனிக்கிழமை வரை' என்று எழுத வேண்டாம் என்றும் பிரீஃபில் சேர்க்கலாம். வாட்ஸ்அப் செய்தியை மூன்றாம் நாள் திறந்து பார்க்கிறவர் எந்தச் சனிக்கிழமை என்று யோசிப்பார்.

எழுத்தாளருக்கான தேதிகள் இதைவிட முன்னால் தொடங்குகின்றன. அக்டோபர் 1 அன்று விளம்பரம் வெளியே போக வேண்டுமானால், செப்டம்பர் 7-இல் பிரீஃப், 15-இல் முதல் வரைவு, 18-இல் கடையின் கருத்து, 22-இல் இறுதி வடிவம். நடுவில் 14-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி வருகிறது, எழுதுபவருக்கும் வீடு உண்டு. கருத்துச் சொல்ல ஒருவர் பெயரை மட்டும் குறிக்க வேண்டும். அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று, மேனேஜர் ஒன்று என்று மூன்று திருத்தம் வந்தால் எழுத்தாளர் மூன்றையும் ஒட்டி ஒரு பிண்டத்தை அனுப்புவார். எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு கூலி என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

இறுதி வடிவத்துக்கும் வெளியீட்டுக்கும் நடுவே இருக்கும் ஒன்பது நாள் அச்சுக்கு மட்டும் போவதில்லை. வியாபார எஸ்எம்எஸ் அனுப்புவதென்றால் அதன் வாசகத்தைத் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் முன்பே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். பதிவான வாசகத்தோடு பொருந்தாத செய்தி போகாது. கடைசி நாளில் 'ஒரு வார்த்தைதானே' என்று மாற்ற வழியில்லை. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிகள்தான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். நம் கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் 'தீபாவளி' அங்கே ஏழு. 70-ஐத் தாண்டினால் இன்னொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் சேர்த்துக் காசு. இதைச் சொல்லாமல் 'ஒரு எஸ்எம்எஸ்' என்று மட்டும் கேட்டால், அழகாக எழுதி வந்ததை வெட்டிச் சிதைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, எழுதக் கூடாத சொற்கள். இந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துத் தருவது நல்லது. ஒன்று சட்டம் தடுப்பது, மற்றொன்று கடைக்குப் பிடிக்காதது. முதலாவதில் எழுத்தாளர் வாதாட முடியாது, இரண்டாவதில் வாதாடலாம்.

உணவு விளம்பரங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. இயற்கையான, தூய, ஃப்ரெஷ், ஒரிஜினல், பாரம்பரிய போன்ற சொற்களுக்கு அதில் நிபந்தனைகள் உண்டு. கழுவுதல், தோலுரித்தல், குளிரூட்டல், நறுக்குதல் போன்றவை தவிர வேறு எதுவும் செய்யப்படாத உணவைத்தான் ஃப்ரெஷ் என்று சொல்லலாம். நெய்யில் கிளறிய மைசூர்பாகு அந்த வரையறைக்குள் வராது. வேறெதுவும் சேராத ஒற்றைப் பொருளுக்குத்தான் 'தூய' பொருந்தும், பல பொருள் கலந்த இனிப்புக்கு இல்லை. 'வீட்டில் செய்தது' என்ற தோற்றம் தரும் சொற்களும் கூடாது. இனிப்புக் கடை விளம்பரங்களில் காலம் காலமாக ஓடும் சொற்களில் பாதி இங்கேயே அடிபட்டுப் போகின்றன. எழுத்தாளர் தவித்து நிற்காமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சொல்லக்கூடிய உண்மையைப் பக்கத்திலேயே தர வேண்டும். ஃப்ரெஷ் என்பதற்குப் பதில் 'நவம்பர் 4, 5-இல் செய்தது'. தூய நெய் என்பதற்குப் பதில், மைசூர்பாகில் நெய், முறுக்கில் கடலெண்ணெய் என்று உள்ளது உள்ளபடி. பாரம்பரியம் என்பதற்குப் பதில் அதிரச மாவு எத்தனை நாள் புளிக்கிறது என்பது. மூன்றும் பழைய சொற்களைவிட நன்றாகவே விற்கும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது பட்டியல் சின்னதாக இருக்கட்டும், ஐந்தாறு சொல் போதும். 'முந்துங்கள்', 'நம்பர் ஒன்', 'வேலைக்காரர்கள்', போட்டிக் கடைகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அரை வரியில் காரணம். பாக்ஸை வாங்கப் போகும் வெல்டரும் அந்தத் துண்டறிக்கையைப் பார்ப்பார் என்பதுதான் 'வேலைக்காரர்கள்' வேண்டாம் என்பதற்குக் காரணம். அது தெரிந்தால் 'கூலியாட்கள்' என்ற சொல்லையும் எழுத்தாளர் தானாகவே தவிர்ப்பார், பட்டியலில் அது இல்லாவிட்டாலும்.

பிரீஃபை அனுப்பிய மறுநாள் எழுத்தாளரிடமிருந்து ஐந்தாறு கேள்விகள் வரும். "20 பாக்ஸுக்குக் கீழே என்றாலும் டெலிவரி உண்டா?" என்பது அதில் ஒன்றாக இருக்கும். பதிலைப் போனில் சொல்லிவிட்டு மறந்துவிடாமல், அதே பக்கத்தில் தேதி போட்டுச் சேர்த்து, இரண்டு கிளை மேனேஜர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் அக்டோபரில் கேட்கப்போவதும் அதே கேள்வியைத்தான்.