மடித்தால் பொருந்துமா?

மூன்றாம் வகுப்பில் தாவரப் பாடம். “இலை என்ன நிறம்?” என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் “பச்சை!” என்று வகுப்பே கோரஸாகக் கத்துகிறது. அந்தப் பதிலுக்காக ஒரு குழந்தையும் இலையைப் பார்த்திருக்காது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்து “ஏன் பச்சையாக இருக்கிறது?” என்று கேட்டால் சத்தம் அடங்கிவிடும். வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு பிள்ளை மட்டும் ‘பச்சையம்’ என்று ஒப்பிக்கும்.

முதல் கேள்வி கண்ணுக்கு வேலை தரவில்லை. இரண்டாவது கேள்விக்கான விடை கண்ணால் எட்டுகிற இடத்தில் இல்லை. தொடக்கப்பள்ளி அறிவியலில் இந்தச் சிக்கலை அலசியவர் யோஸ் எல்ஸ்ட்கீஸ்ட். வின் ஹார்லன் தொகுத்து 1985இல் வந்த நூலில், சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்பது பற்றி அவர் எழுதியிருக்கிறார். கவனிக்க வைப்பது, எண்ண வைப்பது, ஒப்பிட வைப்பது, செய்து பார்க்க வைப்பது எனக் கேள்விகளை அவர் பிரித்துக் காட்டுகிறார். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியை எச்சரிக்கையோடு கையாளச் சொல்கிறார்.

இதை ஒரு வேப்பிலையில் வைத்துப் பார்க்கலாம். நம் ஊர்ப் பள்ளிகளில் வளாகத்திலோ அடுத்த தெருவிலோ ஒரு வேப்பமரம் இருக்கும். இரண்டு குழந்தைகளுக்கு ஓர் இணுக்கு போதும். இணுக்கு என்றால் நடுக்காம்பும் அதன் இருபுறமும் வரிசையாக நிற்கும் சிற்றிலைகளும் சேர்ந்தது. தாவரவியல் கணக்கில் அது முழுவதும் ஒரே இலைதான். குழந்தைகள் ஒவ்வொரு சிற்றிலையையும் தனி இலை என்பார்கள். முதல் நாளே அதைத் திருத்த வேண்டியதில்லை.

“கொத்தில் எல்லா இலையும் ஒரே பச்சையா?” என்று தொடங்கலாம். நுனிக் கொழுந்து செம்பு நிறத்தில் இருக்கும், முற்றியது கரும்பச்சையாக இருக்கும், திருப்பினால் அடிப்பக்கம் வெளிறித் தெரியும். கோரஸாகச் சொன்ன அதே பச்சை இப்போது நாலைந்து நிறமாகப் பிரிகிறது.

பிறகு எண்ணச் சொல்லலாம். ஓர் இணுக்கில் 20 முதல் 30 சிற்றிலை வரை இருக்கலாம். ஒருவருக்கு ஒற்றைப்படை வரும், பக்கத்தில் இருப்பவருக்கு இரட்டைப்படை வரும், சண்டையும் வரும். அப்போது “நுனியைப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னால் போதும். சில இணுக்கில் நுனியில் தனியாக ஒரு சிற்றிலை நிற்கும், பலவற்றில் அது இருக்காது. சில நேரம் நடுவில் ஒன்று உதிர்ந்திருக்கும்; அது நின்ற தழும்பையும் தேடிப் பிடிப்பார்கள்.

பாடத்தின் உச்சம் அடுத்த கேள்விதான்: “ஒரு சிற்றிலையை நடு நரம்போடு மடித்தால் இரண்டு பக்கமும் பொருந்துமா?” பொருந்தாது. வேப்பஞ்சிற்றிலை அரிவாள்போல் வளைந்தது. நடு நரம்புக்கு ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் ஒடுக்கம். காம்பருகே இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதுகூட இல்லை. “டீச்சர், இது கோணலா இருக்கு!” என்று குரல் வரும். வாழ்நாள் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பெரியவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்? உடனே ஒரு பூவரசிலையைக் கொடுத்து மடிக்கச் சொன்னால், இதய வடிவத்தின் இரு பாதியும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படியும். விளிம்பைத் தடவினால் வேம்பில் ரம்பப்பல் இருக்கும், பூவரசில் வழவழப்பு.

‘ஏன்’ கேள்வியை மூட்டை கட்டிவிட வேண்டுமா? வேண்டாம், கைவேலையாக மாற்றலாம். “இலை ஏன் வாடுகிறது?” என்பதற்குப் பதில், காலையில் இரண்டு இணுக்கை எடுத்து ஒன்றைத் தண்ணீர் டம்ளரிலும் இன்னொன்றை வெறும் டம்ளரிலும் வைத்து, “மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது எது எப்படி இருக்கும்?” என்று கேட்கலாம். முதலில் ஊகத்தைச் சொல்லட்டும், பிறகு பார்த்ததைச் சொல்லட்டும். தண்ணீரில் இருந்ததும் சற்றுத் துவண்டிருந்தால், டீச்சர் சமாளிக்காமல் அதையும் அப்படியே எழுத விடுவது நல்லது.

கேள்வி வேலை செய்கிறதா என்பதைக் குழந்தையின் பார்வையே காட்டிவிடும். பதிலுக்காக டீச்சரின் முகத்தைப் பார்த்தால் கேள்வி தவறு. கையிலுள்ள இலையைப் பார்த்தால் சரி. “நல்லா இருக்கு”, “அழகா இருக்கு” என்ற பதில்களும் வரும். “எதுமாதிரி இருக்கு?” என்று ஒரு படி கேட்டால் சீப்பு, மீன்முள், இறகு என்று சொற்கள் கொட்டும்.

செடியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அரளி நச்சுச் செடி; எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இரண்டையும் வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது. வேப்பிலையைக் கசக்கி முகரலாம். பாடம் முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொட வேண்டும்.