90 சதவீதம் என்றால் எந்த 90?

2023 டிசம்பரில் கூகுள் தன் ஜெமினி அல்ட்ரா மாடலை அறிவித்தபோது, எம்.எம்.எல்.யூ. என்ற தேர்வில் அது 90.0 சதவீதம் எடுத்ததாகச் சொன்னது. பக்கத்திலேயே ஜிபிடி-4க்கு 86.4 என்று போட்டிருந்தது. சின்ன எழுத்தைப் படித்தால் விஷயம் வேறு. ஜெமினியின் எண்ணுக்குக் கீழே `CoT@32`, ஜிபிடியின் எண்ணுக்குக் கீழே `5-shot`. முதலாவது, ஒவ்வொரு கேள்வியையும் 32 முறை யோசிக்கவைத்து, அதிகம் வந்த விடையைப் பார்க்கும் முறை. இரண்டாவது, ஐந்து மாதிரிக் கேள்வி-பதிலைக் காட்டிவிட்டு ஒரே விடை கேட்பது. இரண்டாவது முறையில் ஜெமினி வாங்கியது 83.7, ஜிபிடியை விடக் குறைவு. இதுவும் கூகுளின் அறிக்கையிலேயே இருக்கிறது. எந்த எண்ணும் பொய்யில்லை, ஆனால் பக்கத்தில் வைத்த இரண்டும் ஒரே முறையில் எடுத்தவை அல்ல.

தேர்வையும் பார்க்க வேண்டும். 57 பாடங்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது. கண்ணை மூடிக் குறித்தாலே 25 வரும். 2024இல் ஆய்வாளர்கள் சரிபார்த்தபோது, சுமார் 6.5 சதவீதக் கேள்விகளில் பிழை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். கேள்விகள் 2020 முதலே இணையத்தில் கிடைப்பதால், மாடல் பயிற்சியிலேயே அவற்றைப் பார்த்திருக்கவும் கூடும்.

எனவே உங்கள் வேலைக்கு நீங்களே ஒரு தேர்வு வையுங்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களைத் துறைவாரியாகப் பிரித்து, சர்வே எண்ணை எடுத்துத்தர ஒரு மாடல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய மனுக்களில் 50 எடுத்து, பெயர், முகவரியை நீக்குங்கள். தெளிவானவற்றை மட்டும் பொறுக்காதீர்கள். பட்டா மாறுதலோடு முதியோர் உதவித்தொகையும் கேட்கும் மனு, சர்வே எண்ணே எழுதாத மனு ஆகியவையும் இருக்கட்டும். எண் இல்லாத மனுவுக்குச் சரியான விடை ‘இல்லை’. அங்கே மாடல் ஓர் எண்ணைத் தானே புனைந்து தந்தால், அதுதான் உங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. அதைத் தனியாக எண்ணுங்கள்.

மாடலைக் கேட்பதற்கு முன்பே அனுபவமுள்ள எழுத்தர் ஒருவர் விடைகளை எழுதிவைக்க வேண்டும். மாடலின் பதிலைப் பார்த்தபின் எழுதினால், ‘இதுவும் சரிதானே’ என்று மனம் இறங்கிவிடும். எல்லா மாடலுக்கும் ஒரே கட்டளை வாசகம். அந்த வாசகத்தைத் திருத்திப் பார்க்க வேறு மனுக்களை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று 40, இன்னொன்று 42 சரியாகச் செய்தால்? 50 கேள்வியில் 80 சதவீதம் என்பதற்குப் பிழை வரம்பே இருபுறமும் சுமார் 11 புள்ளி. அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு, ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும் சொன்ன மனுக்களை மட்டும் பாருங்கள். அப்படிப் பத்து இருந்து, 6-4 என்று பிரிந்தால் நாணயம் சுண்டியதற்குச் சமம். வேறு இரண்டு மாடல்களுக்கு 9-1 என்று வந்தால் நம்பலாம்.

இந்த 50 மனுக்களையும் விடைகளையும் இணையத்தில் ஏற்றாமல் வைத்திருங்கள்; அடுத்த மாடல் அறிவிப்பு வரும்போது இவற்றையே மறுபடி கொடுத்துப் பாருங்கள்.