உப்புத்தண்ணிக்கு எந்தக் குழாய், எந்த நல்லி?

கோவைக்காரர்களுக்குத் தண்ணீரில் இரண்டு வகை உண்டு. சிறுவாணியிலிருந்து வருவது நல்ல தண்ணி, போர்வெல்லில் ஏறுவது உப்புத்தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணியைப் பிடித்துவைத்துக்கொண்டு, குளியலறைக்கு உப்புத்தண்ணியை விட்டுவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். ஆக, ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய மிக்சரும் ஷவரும் கீசரும் அந்த ஊரின் மோசமான தண்ணீரோடுதான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

கடினத்தன்மை எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்றுக்கொள்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. கடைகளில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துத்தான் சொல்லும். சுண்ணாம்பும் மக்னீசியமும் எவ்வளவு என்பது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சிறு பெட்டியிலோதான் தெரியவரும்.

இந்தச் சுண்ணாம்பில் பெரும்பகுதி பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. சூடு பட்டதும் அது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. அதனால்தான் ஒரே வீட்டில் பச்சைத் தண்ணீர்க் குழாய் பல ஆண்டுகள் நன்றாக இருக்கும்போது, கீசரும் அதிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயும் முதலில் அடைபடுகின்றன. கடினத்தன்மை 600 உள்ள தண்ணீரில் நாளொன்றுக்கு 60 லிட்டர் கீசர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 36 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்கினாலும் ஆண்டுக்கு 1.3 கிலோ சேர்ந்துவிடும். கீசர் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி அளவில் நிறுத்தினால் இந்தப் படிவு கணிசமாகக் குறையும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

பழைய வீடுகளில் இருந்த ஜி.ஐ. குழாயை உப்புத்தண்ணிக்குப் போடவே கூடாது. துத்தநாகப் பூச்சு போனதும் இரும்பு துருப்பிடிக்கும். சொரசொரப்பான அந்தத் துருவின் மேல் சுண்ணாம்பு எளிதில் பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது, உட்புறமும் வழவழப்பானது. ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. யு.பி.வி.சி. பச்சைத் தண்ணீருக்கு மட்டுமே, சூட்டில் இளகும். வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. வேண்டும். இரண்டுக்கும் ஒட்டும் சால்வென்ட் சிமென்டும் வேறு வேறு. அவசரத்தில் பிளம்பர் ஒரே டப்பாவை இரண்டுக்கும் பூசிவிட்டால், டைல் ஒட்டி முடித்த பிறகுதான் கசிவு தெரியும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை வீட்டுக்காரரே ஒருமுறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சி.பி.வி.சி. குழாயின் மேல் எஸ்.டி.ஆர். 11 அல்லது 13.5 என்று அச்சிட்டிருக்கும். குழாயின் வெளிவிட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்த எண் அது. எண் குறைந்தால் சுவர் தடிமன் கூடும். எஸ்.டி.ஆர். 11 குழாய் 23 டிகிரியில் சதுர செ.மீ.க்கு சுமார் 28 கிலோ அழுத்தம் தாங்கும். அதே குழாய் 82 டிகிரியில் 7 கிலோதான் தாங்கும். கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் முதல் எண்ணாகவே இருக்கும். கீசரிலிருந்து வரும் லைனுக்கு இரண்டாவது எண்ணைக் கேட்க வேண்டும். வெந்நீருக்கு 11-ஐயே போடுவது நிம்மதி.

ஆனால் சாதாரண வீட்டில் அழுத்தம் அதிகமாகிக் குழாய் வெடிப்பது அபூர்வம். அழுத்தம் போதாமல் போவதுதான் அன்றாடத் தொல்லை. ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடி தரையிலிருந்து 6 மீட்டர், தொட்டி அதற்கு மேல் ஒன்றரை மீட்டரில், தண்ணீர் மட்டம் ஏறத்தாழ 8 மீட்டர். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. கீழ்த்தள நல்லிக்கு 0.7 கிலோ கிடைக்கிறது. மாடி ஷவரோ தரையிலிருந்து 5 மீட்டரில் இருக்கிறது. அதற்குக் கிடைப்பது 0.3 கிலோதான். பெரிய மழைத்தூறல் ஷவருக்கு இது போதவே போதாது. வாங்கும் முன் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பார்த்து, இந்த வீட்டுக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் சிறிய ஷவர், அல்லது பிரஷர் பம்ப்.

சுண்ணாம்பு இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. அரை அங்குல சி.பி.வி.சி. குழாயின் உள்விட்டம் சுமார் 12.5 மில்லிமீட்டர். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே தண்ணீர் போகும் வழியில் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. முக்கால் அங்குலக் குழாயில் அதே படிவு ஐந்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். வழியும் தொடக்கத்திலேயே இரு மடங்கு பெரிது. ஆகவே தொட்டியிலிருந்தும் கீசரிலிருந்தும் வரும் லைன் முக்கால் அங்குலமாகவும், கடைசி நல்லிக்கு இறங்கும் துண்டு மட்டும் அரை அங்குலமாகவும் இருக்கட்டும். சிறு செலவு, பெரிய பலன்.

இனி நல்லிகள். கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பித்தளை உடலுக்கு ஈடு இல்லை. விலை மலிவான ஜிங்க் கலவை நல்லி, மேல்பூச்சு உரிந்ததும் அரிக்கத் தொடங்கிவிடும். கடலோர ஊர்களில் தண்ணீரில் குளோரைடு அதிகம். அங்கே 304 ரக எவர்சில்வரில்கூடப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வாளி நிரப்பும் நல்லிக்கும் துவைக்கும் இடத்துக்கும் பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் நல்லி போதும். அது அரிக்காது, மாற்றுவதும் மலிவு. மேட் கறுப்பு நிறம் பார்க்க அழகுதான். ஆனால் உப்புத்தண்ணி வீட்டில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைத் திட்டாக அதன்மேல் காயும்.

உப்புத்தண்ணியை வென்று நிற்கும் பொருள் என்று எதுவும் இல்லை. ஆகவே எது எளிதாகக் கழற்றிச் சுத்தம் செய்யத் தக்கதோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். நல்லி வாயில் நுரை நுரையாகத் தண்ணீர் தரும் ஏரேட்டர் கையாலோ சாவியாலோ திருகிக் கழற்றக்கூடியதா? ஷவர் துளைகள் விரலால் தேய்த்தால் படிவு உதிரும் சிலிக்கானா? கால்திருப்பு நல்லிகளுக்குள் இருக்கும் செராமிக் வட்டுகளை மணலும் சுண்ணாம்புத் துகளும் கீறிவிடும்; சொட்டத் தொடங்கினால் கார்ட்ரிஜை மட்டும் மாற்ற முடியுமா? சுவருக்குள் புதையும் டைவர்ட்டரில் இந்தக் கேள்விதான் முக்கியம். கார்ட்ரிஜ் கிடைக்காவிட்டால் டைலை உடைக்க வேண்டிவரும். சந்தேகம் இருந்தால் சுவருக்கு வெளியே நிற்கும் வால் மிக்சரே பாதுகாப்பு.

பிராண்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே அளவுகோல்தான். குழாயில் ஆசீர்வாத், அஸ்ட்ரல், சுப்ரீம், ஃபினோலெக்ஸ், நல்லியில் ஜாக்வார், பாரிவேர், ஹிந்த்வேர், செரா போன்றவை தமிழ்நாட்டில் பரவலாகக் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் நல்லிக்கு வாட்டர்டெக் தெரிந்த பெயர். இவற்றில் எது வாங்கினாலும், அந்த மாடலின் கார்ட்ரிஜ் உள்ளூர்க் கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கலாம். வாரண்டி அட்டையில் உப்புப் படிவால் வரும் கோளாறு சேருமா என்பதையும் படிக்க வேண்டும், பலவற்றில் சேராது. குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

வெள்ளைத் திட்டு படிந்த நல்லியில் பாத்ரூம் ஆசிட் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கமாகியிருக்கிறது. சுண்ணாம்பு கரையும், கூடவே குரோமியப் பூச்சும் கெட்டுப்போகும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். ஏரேட்டரைக் கழற்றி அதே வினிகரில் ஊறவிடலாம். தண்ணீர் மெலிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அந்தச் சல்லடைதான். அது சுத்தமாக இருந்தும் வெந்நீர் மட்டும் மெலிந்து வந்தால், கீசரையும் அதன் லைனையும் கழற்றிப் பார்க்க பிளம்பரை அழைக்க வேண்டும்.