எச்சங்களுக்கு ஏன் தனி அட்டவணை?

விலைவாசி, வருமானம், வட்டி விகிதம் போன்ற பொருளாதாரக் காலத்தொடர்களில் பெரும்பாலானவை ஒரு சராசரியைச் சுற்றி நிற்பதில்லை. நேற்றைய மதிப்போடு இன்றைய எதிர்பாராத மாற்றம் சேர்கிறது, அது நாளைய மதிப்பிலும் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால் தொடர் திரும்பி வர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமல் அலைகிறது. இப்படிப்பட்ட தொடரை அலகு மூலம் கொண்ட தொடர் என்பார்கள். அதன் எளிய வடிவம் சமவாய்ப்பு நடை. தனித்தனியே இப்படி அலையும் இரண்டு தொடர்களுக்கு இடையே உள்ள இடைவெளி மட்டும் அலையாமல் ஒரு சராசரிக்குத் திரும்பத் திரும்ப வருமானால், அவை இணை ஒருங்கிணைவு கொண்டவை எனப்படும். ராபர்ட் எங்கிள், கிளைவ் கிரேஞ்சர் இருவரும் 1987இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தக் கருத்தை முறைப்படுத்தி, அதைச் சோதிக்க இரண்டு படிகள் கொண்ட எளிய வழியையும் தந்தது. 2003ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசை அவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

அப்படி ஒரு சோதனை தேவைப்பட்டதற்கு வலுவான காரணம் இருந்தது. ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு சமவாய்ப்பு நடைகளை எடுத்து, ஒன்றின் மேல் மற்றொன்றுக்குத் தொடர்புப் போக்குக் கோடு வரைந்தால், வழக்கமான t சோதனை பெரும்பாலும் ‘உறுதியான தொடர்பு உண்டு’ என்றே சொல்லும். கிரேஞ்சரும் பால் நியூபோல்டும் 1974இல் இதைக் கணினிப் பரிசோதனை மூலம் காட்டினார்கள். கோடு நன்றாகப் பொருந்துவதை வைத்து உண்மை உறவையும் போலி உறவையும் பிரித்தறிய முடியாது. கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையே மிஞ்சும் எச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

முதல் படியில், மீச்சிறு வர்க்க முறையால் `y = a + b x + u` என்ற கோடு பொருத்தப்படுகிறது. ஒவ்வொரு காலப்புள்ளியிலும் உண்மை மதிப்பிலிருந்து கோடு தரும் மதிப்பைக் கழித்தால் எச்சம் `u` கிடைக்கும். இரண்டாம் படியில் அந்த எச்சத்தின் மேல் டிக்கி–ஃபுல்லர் சோதனை நடத்தப்படுகிறது. எச்சத்தில் இந்தக் காலத்துக்கு ஏற்பட்ட மாற்றத்தை, சென்ற காலத்து எச்சத்தோடு ஒப்பிடுவதுதான் அது:

`Δu(t) = ρ u(t−1) + e(t)`

எச்சம் சமவாய்ப்பு நடையாக இருந்தால் ρ சுழியம். சராசரியை நோக்கி இழுபடுவதாக இருந்தால் ρ எதிர்மறை. ρவின் மதிப்பீட்டை அதன் திட்டப் பிழையால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே சோதனை அளவை. ‘இணை ஒருங்கிணைவு இல்லை’ என்பதே இங்கு இன்மை எடுகோள். அளவை, தீர்வுக்கட்ட மதிப்பைவிடக் கீழே இறங்கினால் அந்த எடுகோள் மறுக்கப்படும். e(t) என்னும் பிழைகள் தமக்குள் தொடர்புடையவையாக இருந்தால், வலப்பக்கத்தில் Δuவின் முந்தைய மதிப்புகள் சிலவும் சேர்க்கப்படும்.

இவ்வளவில் செய்முறை முடிந்துவிடுகிறது. கிடைத்த எண்ணை எந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. இரண்டு பொருள்களின் வாராந்தர விலை 100 வாரங்களுக்கு இருப்பதாகக் கொள்ளலாம். கோடு பொருத்தி, எச்சத்தை எடுத்து, இரண்டாம் படியை நடத்தியதில் ρ −0.17 என்றும் அதன் திட்டப் பிழை 0.0557 என்றும் வந்தால் அளவை −3.05 ஆகும். எச்சத்தின் சராசரி ஏற்கெனவே சுழியம் என்பதால் இரண்டாம் படியில் மாறிலி சேர்க்கவில்லை. அதனால் மாறிலி இல்லாத சாதாரண அலகு மூல அட்டவணையைத் திறந்தால், 5 விழுக்காட்டு மதிப்பு −1.94. −3.05 அதைவிட வெகு கீழே இருக்கிறது. மாறிலி உள்ள சாதாரண அட்டவணையில் 100 புள்ளிகளுக்குரிய மதிப்பு −2.89. அதையும் அளவை தாண்டிவிடுகிறது. இரண்டு அட்டவணைகளுமே ‘இணை ஒருங்கிணைவு உண்டு’ என்கின்றன. ஆனால் இந்தச் சோதனைக்கென்றே ஜேம்ஸ் மெக்கினன் 1991இல் கணக்கிட்டுத் தந்த சூத்திரப்படி, இரண்டு மாறிகள், மாறிலியோடு பொருத்திய கோடு, 100 புள்ளிகள் என்றால் 5 விழுக்காட்டு மதிப்பு −3.40. 10 விழுக்காட்டு மதிப்பே −3.09. ஆகவே −3.05 எந்த வழக்கமான மட்டத்திலும் போதாது. தரவும் கணக்கும் ஒன்றாகவே இருக்க, முடிவு மட்டும் தலைகீழாகிறது.

இந்த வேறுபாட்டின் வேர் முதல் படியில் இருக்கிறது. சாதாரண டிக்கி–ஃபுல்லர் அட்டவணை, நேரடியாகக் கண்டறிந்த ஒரு தொடருக்காகக் கணக்கிடப்பட்டது. அந்தத் தொடரை யாரும் தேர்ந்தெடுத்து வடிவமைக்கவில்லை. எச்சம் அப்படிப்பட்டதன்று. a, b இரண்டுக்கும் எண்ணற்ற மதிப்புகள் சாத்தியம். ஒவ்வொன்றும் ஓர் எச்சத் தொடரைத் தரும். அவற்றுள் எதன் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவோ அதையே மீச்சிறு வர்க்க முறை தேர்ந்தெடுக்கிறது. சமவாய்ப்பு நடையின் அடையாளம் சுழியத்தை விட்டு வெகு தூரம் போவது. நிலைத்த தொடரின் அடையாளம் சுழியத்தின் அருகிலேயே நிற்பது. அருகில் நிற்கும்படியே எச்சத்தை அமைத்துவிட்டு, ‘அருகில் நிற்கிறதா’ என்று சோதிப்பது, மூட்டையிலிருந்து பொறுக்கி எடுத்த கைப்பிடி அரிசியைக் காட்டி மூட்டை முழுதும் கல் இல்லை என்று சாதிப்பதைப் போன்றது. உண்மையில் உறவே இல்லாதபோதும் எச்சம் திரும்பி வருவதுபோலத் தோன்றும். அளவை இயல்பாகவே கீழ்நோக்கித் தள்ளப்படும். தேர்வின் இந்தச் சாய்வை ஈடுகட்டவே தீர்வுக்கட்ட மதிப்பும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயம். bஐ மதிப்பிட்டதுதான் சிக்கல் என்றால், தரவு பெருகப் பெருக மதிப்பீட்டுப் பிழை மறைந்து, இரண்டு அட்டவணைகளும் ஒன்றாகிவிட வேண்டுமே? புள்ளியியலில் பொதுவாக அப்படித்தான் நடக்கும். இங்கே நடப்பதில்லை, இந்தச் சோதனையின் நுட்பமே இதில்தான் இருக்கிறது. அட்டவணை, இன்மை எடுகோள் உண்மை என்ற நிலைக்காகக் கணக்கிடப்படுவது. அதாவது இரு தொடர்களுக்கும் இடையே உறவு இல்லை, உண்மையான b என்று ஒன்றே இல்லை. நெருங்கிச் செல்ல ஓர் இலக்கு இல்லாததால், மதிப்பிடப்பட்ட b எவ்வளவு தரவு சேர்ந்தாலும் ஓரிடத்தில் நிலைகொள்வதில்லை. ஒவ்வொரு மாதிரியிலும் வேறு வேறாகவே வரும். பீட்டர் ஃபிலிப்ஸ் 1986இல் இதை நிறுவினார். இணை ஒருங்கிணைவு உண்மையாக இருக்கும்போது நிலைமை நேர்மாறானது. அப்போது b வழக்கத்தைவிட விரைவாக உண்மை மதிப்பை நெருங்கும் என்று ஜேம்ஸ் ஸ்டாக் 1987இல் காட்டினார். ஆனால் அந்த நல்ல பண்பு அட்டவணையைக் காப்பாற்றாது, ஏனெனில் அட்டவணை அந்த நிலைக்கு உரியதன்று. அதனால்தான் தரவு எல்லையின்றிப் பெருகினாலும், மாறிலியுள்ள சாதாரண சோதனையின் 5 விழுக்காட்டு மதிப்பு −2.86 ஆகவும், இரண்டு மாறிகளின் எச்சச் சோதனைக்கு அது −3.34 ஆகவும் பிரிந்தே நிற்கின்றன.

காரணம் தேர்வுதான் என்பதை மாறிகளின் எண்ணிக்கை மேலும் தெளிவாக்குகிறது. வலப்பக்கத்தில் மாறிகள் கூடக் கூட எச்சத்தைச் சுருக்கும் வழிகளும் கூடுகின்றன. மொத்தம் மூன்று மாறிகள் என்றால் மதிப்பு −3.74, நான்கு என்றால் −4.10, ஐந்து என்றால் −4.42. கோட்டில் காலப் போக்கையும் சேர்த்தால் இரண்டு மாறிகளுக்கே அது −3.78 ஆகிவிடும். ஃபிலிப்ஸும் சாம் ஊலியாரிசும் 1990இல் இந்தப் பரவல்களின் வடிவத்தைக் கணித முறையில் வருவித்து, அவை மாறிகளின் எண்ணிக்கையையும், மாறிலியும் காலப் போக்கும் கோட்டில் உண்டா என்பதையும் பொறுத்தவை என்று காட்டினார்கள். அவர்களுடைய அட்டவணையிலிருந்து தவறின் அளவையும் கணக்கிடலாம். உறவே இல்லாத இரண்டு தொடர்களின் எச்சத்தை −2.86 என்ற எல்லையில் வைத்துச் சோதித்தால், நூற்றுக்கு 5 முறை நேர வேண்டிய பொய் முடிவு ஏறத்தாழ 15 முறை நேர்கிறது. −1.94ஐ எல்லையாகக் கொண்டால் நிலைமை இன்னும் மோசம்: ஏறத்தாழ பாதி முறை, இல்லாத உறவு இருப்பதாகவே முடிவு வரும்.

சாதாரண அட்டவணையே சரியாக இருக்கும் சூழலும் ஒன்று உண்டு. bஇன் மதிப்பைத் தரவிலிருந்து மதிப்பிடாமல் கோட்பாடே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் தேர்வு என்பதே இல்லை. நீண்டகால வட்டிக்கும் குறுகியகால வட்டிக்கும் இடையே b = 1 என்று கொண்டு, இரண்டின் வித்தியாசத்தை நேரடியாகச் சோதிப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த வித்தியாசம் யாரும் பொருத்திப் பார்க்காத ஒரு தொடர். அதற்கு மாறிலியுள்ள டிக்கி–ஃபுல்லர் அட்டவணையே பொருந்தும். தரவைப் பார்த்த பிறகு ‘b ஏறத்தாழ 1 போல இருக்கிறது’ என்று வைத்துக்கொள்வது இந்தச் சலுகைக்குள் வராது.

கணினி நிரல்கள் இந்த வேறுபாட்டைத் தாமாகக் கவனிப்பதில்லை. எச்சத்தை வெறும் எண் வரிசையாகக் கொடுத்தால், அது எச்சம் என்பது நிரலுக்குத் தெரியாது. சாதாரண அட்டவணையின்படியே முடிவு சொல்லும். பைத்தான் மொழியின் `statsmodels` தொகுப்பில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன:

```python
from statsmodels.tsa.stattools import adfuller, coint
adfuller(u)   # u எச்சமானால் p மதிப்பு தவறு
coint(y, x)   # மெக்கினன் மதிப்புகளோடு
```

`coint` கட்டளைக்கு எச்சத்தைத் தர வேண்டியதில்லை, மூலத் தொடர்களையே தர வேண்டும். முதல் படியையும் அதுவே செய்து, மாறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற மதிப்பைத் தேர்ந்துகொள்ளும்.

எங்கிளும் கிரேஞ்சரும் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். 1987ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, 100 புள்ளிகள் கொண்ட உறவில்லாத தொடர்களைக் கணினியில் 10,000 முறை உருவாக்கி, தங்கள் சோதனைக்குரிய மதிப்புகளைத் தனியே கணக்கிட்டார்கள். எளிய வடிவத்துக்கு 5 விழுக்காட்டில் அவர்கள் பெற்றது −3.37. அந்த மதிப்புகளைக் கொண்டு அமெரிக்கத் தரவை ஆராய்ந்தபோது நுகர்வும் வருமானமும் இணை ஒருங்கிணைவு கொண்டவை என்றும், கூலிக்கும் விலைக்கும் இடையே அப்படி ஒரு பிணைப்பு தென்படவில்லை என்றும் முடிவு வந்தது.

சரியான அட்டவணையைப் பயன்படுத்திய பின்பும் ஒரு குறை எஞ்சுகிறது. yஐ இடப்பக்கம் வைப்பதா xஐ வைப்பதா என்பதைப் பொறுத்து எச்சம் மாறும், அளவையும் மாறும். சிறு மாதிரிகளில் ஒரு வரிசையில் −3.5, மறு வரிசையில் −3.2 என்று வருவது இயல்பு. ஒன்று எல்லையைத் தாண்டும், மற்றது தாண்டாது. அப்போது சாதகமானதை மட்டும் தேர்ந்துகொண்டால், மீச்சிறு வர்க்க முறை செய்த தேர்வின் மேல் ஆய்வாளரும் ஒரு தேர்வு செய்துவிடுகிறார். அந்தச் சாய்வை எந்த அட்டவணையும் ஈடுகட்டாது. இரு வரிசைகளிலும் சோதித்து இரண்டு முடிவுகளையும் வெளியிடுவதே நேர்மையான வழி. அவை முரண்பட்டால், எந்த மாறியையும் இடப்பக்கம் நிறுத்தத் தேவையில்லாத சோரன் யோஹான்சனின் 1988ஆம் ஆண்டு முறைக்குச் செல்லலாம்.