தெருமுனையில் ஒரு தயிர் அறிவிப்பு

‘காலை 7 மணிக்குப் புதுத் தயிர். கழுவி உலர்ந்த பாத்திரம் கொண்டுவாருங்கள்’ என்று எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கீழே சுத்த முறைகள்.

பால் பொங்கியதும் இறக்காமல், சிறுதீயில் 5 நிமிடம் கிளறிக் காய்ச்சுகிறார்கள். சூடு பார்க்க விரல் விடுவதில்லை. வெப்பமானி 42 டிகிரி காட்டியதும் உறை ஊற்றுகிறார்கள். பால் மிகச் சூடாக இருந்தால் உறையின் நல்ல பாக்டீரியா செத்துவிடும். ஆறிப்போனால் உறைவது தாமதமாகி, வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். உறைக்கான தயிரை முதல் நாளே தனியாக எடுத்து மூடி வைக்கிறார்கள். உறைந்ததும் தயிர் குளிர்பெட்டிக்குப் போகிறது.

கடைசி வரி முக்கியமானது: ‘மேலே நீர் பிரிந்தால் பயமில்லை. நூல்போல இழுபட்டாலோ நுரைத்தாலோ சாப்பிடாதீர்கள், திருப்பித் தாருங்கள்.’