கோணல்மாணலான காணி எத்தனை பேர்ச்?

2015க்குப் பிறகு மலையகத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று பேசப்பட்டது. ஆனால் ராகலைப் பக்கத்து மலைச்சரிவில் சதுரமான துண்டு எங்கே கிடைக்கிறது? ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் பாதை, மறுபக்கம் தேயிலை. "இதுல ஏழு பேர்ச் இருக்கா, இல்லையா?" என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1906 சதுர அடி. 160 பேர்ச் சேர்ந்தால் ஓர் ஏக்கர்.

நம்மில் பலர் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, பிறகு பெருக்கிப் பார்க்கிறோம். காணி நீள்சதுரமாக இருந்தால் மட்டுமே இது சரி. 50 அடி, 40 அடி பக்கங்கள் உள்ள நேரான துண்டு 2000 சதுர அடி. அதே பக்கங்களோடு சாய்ந்து கிடக்கும் துண்டில், 50 அடிப் பக்கங்கள் இரண்டுக்கும் நடுவே நேர்குத்தான தூரம் 36 அடிதான் என்றால், பரப்பு 1800 சதுர அடியே. அதாவது 7.3 பேர்ச் என்று நினைத்தது 6.6 பேர்ச்தான். பக்கங்களை மட்டும் அளந்தால் பரப்பு தெரியாது. கோணல் காணியில் இந்த முறை எப்போதும் கூட்டித்தான் காட்டும்.

சரியான வழி, காணியை முக்கோணமாகவும் நீள்சதுரமாகவும் பிரிப்பது. ஐந்து மூலை உள்ள ஒரு துண்டை உதாரணத்துக்கு எடுப்போம். மூலைகளில் முளை அடித்து, வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வையுங்கள். அ முளையிலிருந்து இ முளைக்குக் காணியின் குறுக்கே கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். நீளம் 70 அடி.

இனி மற்ற மூன்று மூலைகளிலிருந்தும் கயிற்றுக்கு நேர்குத்தாக அளக்க வேண்டும். ஒருவர் டேப்பின் நுனியை மூலையில் பிடிக்கட்டும். மற்றவர் டேப்பைக் கயிற்றின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கட்டும். எங்கே மிகக் குறைந்த அளவு வருகிறதோ, அதுதான் நேர்குத்து. அந்த இடம் அ-விலிருந்து எத்தனை அடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கிடைத்தவை: மேல்பக்கம் ஆ மூலை, 30வது அடியில் 24 அடி தள்ளி. கீழ்ப்பக்கம் உ மூலை, 20வது அடியில் 18 அடி தள்ளி. ஈ மூலை, 50வது அடியில் 26 அடி தள்ளி.

முக்கோணத்துக்கு அடியையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். நீள்சதுரத்துக்கு வெறுமனே பெருக்கினால் போதும்.

மேல்பக்கம் முழுவதும் ஒரே முக்கோணம்: 70 × 24 ÷ 2 = 840
கீழே அ பக்கத்து முக்கோணம்: 20 × 18 ÷ 2 = 180
நடுவில் நீள்சதுரம்: 30 × 18 = 540
அதற்குக் கீழே ஒட்டிய முக்கோணம்: 30 × 8 ÷ 2 = 120
கீழே இ பக்கத்து முக்கோணம்: 20 × 26 ÷ 2 = 260

மொத்தம் 1940 சதுர அடி. 272¼ஆல் வகுத்தால் 7.1 பேர்ச். நடுத்துண்டில் 8 அடி எப்படி வந்தது என்றால், 26இல் 18 போக மீதி அது.

அளந்தது சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. அ-விலிருந்து ஆ-வுக்கு நேராக டேப்பைப் பிடியுங்கள். 30ஐயும் 24ஐயும் தனித்தனியே தன்னாலேயே பெருக்கிக் கூட்டினால் 1476. அதன் வர்க்கமூலம் 38 அடி 5 அங்குலம். டேப்பிலும் அவ்வளவு வரவேண்டும். அரை அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் நேர்குத்து தவறியிருக்கிறது. மறுபடி அளக்க வேண்டும்.

நம்ம மலையில் பெரிய தவறு வேறு இடத்தில் நடக்கிறது. காணியின் பரப்பு என்பது மட்டமாகப் பார்த்த பரப்பு. டேப்பைச் சரிவில் தரையோடு படுக்கவைத்து அளந்தால் நீளம் கூடிவிடும். மேலே சொன்ன 70 அடிக்குள் தரை 21 அடி இறங்குகிறது என்றால், தரையோடு அளந்தவருக்கு 73 அடி வரும். அவர் கணக்கில் காணி 7.4 பேர்ச். கூடுதலாகத் தெரிவது ஏறக்குறைய 80 சதுர அடி, ஒரு சின்ன அறை அளவு! பிறகு நில அளவையாளர் 7.1 என்று சொன்னால், "காணியைக் குறைச்சிட்டாங்க" என்று சண்டை வரும்.

இதற்கு டேப்பை மட்டமாகப் பிடித்து, ஐந்தடி பத்தடியாகப் படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். உயர்ந்து நிற்கும் நுனியிலிருந்து நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால், அது தொடும் இடமே அடுத்த படியின் தொடக்கம்.

இந்தக் கணக்கு நாமே தெரிந்துகொள்வதற்கும், மரக்கறிப் பாத்தியைப் பிரிப்பதற்கும் போதும். காணி உறுதிக்கு உரிமம் பெற்ற நில அளவையாளரின் பிளான்தான் செல்லும். அதில் ஹெக்டேயரில் எழுதியிருந்தால் மலைக்க வேண்டாம்: 7 பேர்ச் என்பது 0.0177 ஹெக்டேயர். கையெழுத்துப் போடுமுன் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.